ஓடும் காணொலியில் ஒளிந்திருக்கும் ஒரு நல்ல படம்



தீபாவளிக்கு முந்தைய வாரம். கிள்ளான் லிட்டல் இந்தியாவில், ஜாலான் தெங்கு கிளானா கடைவீதியில் உறுமி மேளக் குழு ஒன்று வாசித்துக்கொண்டு வருகிறது. நீங்கள் கைப்பேசியை எடுத்து 40 வினாடி காணொலி பதிவு செய்கிறீர்கள். சில நாள் கழித்துப் பள்ளித் தமிழ் மொழிக் கழகத்தின் கலை இரவுக்குச் சுவரொட்டி தேவைப்படுகிறது. உறுமி அடிப்பவர் குச்சியை ஓங்கி நிற்கும் அந்தக் காட்சியைப் போட்டால் நன்றாக இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றுகிறது. ஆனால் கையில் இருப்பது காணொலி மட்டுமே. அன்று யாரும் புகைப்படம் எடுக்கவில்லை. மேளக்காரரைத் திரும்ப அழைத்து வந்து நிறுத்தவும் முடியாது.

காணொலியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், குச்சி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற விசிறி போல ஒரு மங்கல்தான் தெரிகிறது. இன்னொரு இடத்தில் நிறுத்தினால் அவர் கண்ணை மூடியிருக்கிறார். இதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். வினாடிக்கு 30 படம் என்ற கணக்கில், அந்த 40 வினாடிக் காணொலிக்குள் 1,200 தனித்தனிப் படங்கள் இருக்கின்றன. அந்தப் படம் ஒவ்வொன்றையும் பிரேம் என்கிறோம். நமக்கு வேண்டியது அவற்றில் ஒன்றே ஒன்று. அதை எப்படித் தேடி எடுப்பது என்பதே இந்த வாரப் பாடம்.

திரையைப் படம் பிடித்தால் போதாதா?

காணொலியைக் கணினியில் ஓடவிட்டு, நிறுத்தி, திரைப்பிடிப்பு எடுப்பது பலரின் வழக்கம். அப்படி எடுக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது காணொலியின் படமன்று, திரையின் படம். உங்கள் மடிக்கணினித் திரை 1366 பிக்சல் அகலமும் 768 பிக்சல் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் ஏறத்தாழ 10.5 இலட்சம் பிக்சல். கைப்பேசி பதிவு செய்ததோ 1920 க்கு 1080. அதாவது ஏறத்தாழ 20.7 இலட்சம் பிக்சல். திரைப்பிடிப்பு எடுத்த கணமே படத்தின் பாதி விவரம் போய்விடுகிறது. சில வேளைகளில் கீழே ஓட்டப்பட்டையும் சேர்ந்து விழுந்துவிடும்.

ஆகவே கோப்புக்குள்ளேயே சென்று, பிரேமை அதன் முழு அளவில் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு உதவும் இலவச மென்பொருள் எஃப்எஃப்எம்பெக். பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார் 2000 ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். இதற்குப் பொத்தான்களும் பட்டியல்களும் கிடையாது. கணினியின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். காணொலி இருக்கும் கோப்புறைக்குள் சென்ற பிறகே கட்டளையைத் தட்டுங்கள். இல்லாவிட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும்.

முதலில் கோப்பைச் சோதியுங்கள்

உங்கள் காணொலியின் பெயர் urumi.mp4 என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டளை இது:

```
ffmpeg -i urumi.mp4
```

திரையில் பல வரிகள் ஓடும். கடைசியில், வெளியீட்டுக் கோப்பின் பெயரைக் கொடுக்கவில்லை என்று ஒரு முறையீடும் வரும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். Video என்ற சொல் வரும் தகவல் வரியை மட்டும் பாருங்கள். அதில் 1920x1080 என்றும் 30 fps என்றும் இருந்தால், நாம் எதிர்பார்த்த கோப்பு இதுதான்.

அந்த இடத்தில் 848x480 போன்ற சிறிய எண் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அநேகமாக அது வாட்சாப் புலனத்தில் நண்பர் அனுப்பிய படியாக இருக்கும். புலனம் காணொலியை அனுப்பும்போது அளவைக் குறைத்து, மேலும் இறுக்கிச் சுருக்கிவிடுகிறது. அந்தப் படியிலிருந்து எந்தக் கட்டளையாலும் போன விவரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பதிவு செய்தவரிடமே மூலக் கோப்பைக் கேளுங்கள். புலனத்திலேயே அனுப்ப வேண்டுமானால், காணொலியாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு மாறாமல் வந்து சேரும்.

ஒரே ஒரு பிரேம்

காணொலியை ஓடவிட்டுப் பார்த்ததில், குச்சியை ஓங்கும் காட்சி 12 ஆவது வினாடிக்கும் 14 ஆவது வினாடிக்கும் இடையில் வருகிறது. 12.5 ஆவது வினாடியில் இருக்கும் பிரேமை எடுத்துப் பார்ப்போம்:

```
ffmpeg -ss 12.5 -i urumi.mp4 -frames:v 1 padam.png
```

`-ss 12.5` என்பது எந்த நேரத்துக்குத் தாவ வேண்டும் என்பதைச் சொல்கிறது. `-i` உள்ளே வரும் கோப்பைக் குறிக்கிறது. `-frames:v 1` என்றால் ஒரு படம் போதும் என்று பொருள். கடைசியில் இருப்பது புதிய படத்தின் பெயர். அதை .png என்று முடித்திருக்கிறோம். பிஎன்ஜி வகைக் கோப்பு படத்தைச் சேமிக்கும்போது விவரம் எதையும் இழப்பதில்லை. ஜேபெக் வகை, கோப்பைச் சிறிதாக்குவதற்காகச் சிறிது விவரத்தைத் தள்ளிவிடும். வேலை முடியும்வரை பிஎன்ஜியிலேயே வைத்திருப்பது நல்லது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். 1,200 முழுப் படங்களை அடுக்கி வைத்ததுதான் காணொலி என்றால், அந்தக் கோப்பு இன்னும் பல மடங்கு பெரிதாக அல்லவா இருக்க வேண்டும்? உண்மையில் கோப்புக்குள் எல்லாப் பிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம் வைக்கப்படும். அதை முதன்மைப் பிரேம் என்போம். அதைத் தொடர்ந்து வருபவற்றில், முந்தைய படத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்ற குறிப்பு மட்டுமே பெரும்பாலும் இருக்கும். பின்னால் உள்ள கடைச் சுவர் மாறவில்லை, குச்சி மட்டும் நகர்ந்தது என்றால், குச்சியின் நகர்வை மட்டும் எழுதினால் போதுமே!

அதனால் 12.5 ஆவது வினாடியைக் கேட்டதும், எஃப்எஃப்எம்பெக் நேராக அந்தப் பிரேமை எடுத்து நீட்டிவிட முடியாது. அதற்கு முன்னால் இருக்கும் முதன்மைப் பிரேமுக்குச் சென்று, அங்கிருந்து குறிப்புகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்து, நீங்கள் கேட்ட படத்தைக் கட்டியெழுப்பித் தருகிறது. `-ss` என்பதை `-i` க்கு முன்னால் போட்டதால் இந்த வேலை விரைவில் முடிகிறது. பின்னால் போட்டிருந்தால், காணொலியின் தொடக்கத்திலிருந்தே கட்டிக்கொண்டு வரும். நீண்ட காணொலி என்றால் நன்றாகக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு வினாடியை 60 படமாக்குங்கள்

12.5 என்று ஊகித்து எடுத்த படம் அநேகமாக நீங்கள் விரும்பியதாக இருக்காது. 12.6, 12.7 என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருப்பதைவிட, அந்த இரண்டு வினாடியையும் மொத்தமாகப் பிரித்துவிடலாம்:

```
ffmpeg -ss 12 -i urumi.mp4 -t 2 -fps_mode passthrough p%03d.png
```

`-t 2` என்றால் இரண்டு வினாடி. `p%03d.png` என்று கொடுத்தால் p001.png, p002.png என்று வரிசை எண்ணோடு கோப்புகள் உருவாகும். வினாடிக்கு 30 என்றால் மொத்தம் 60 படம். ஒவ்வொன்றும் சில மெகாபைட் இருக்கும். ஆகவே இரண்டு மூன்று வினாடிக்கு மேல் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டாம்.

நடுவில் இருக்கும் `-fps_mode passthrough` எதற்கு? பல கைப்பேசிகள் வினாடிக்குச் சரியாக 30 படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளும். அந்த இடைவெளியை நிரப்ப எஃப்எஃப்எம்பெக் ஒரே படத்தைத் திரும்பவும் எழுதி வைக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்கள் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தால் காரணம் இதுதான். இந்தச் சொற்களைச் சேர்த்தால், உண்மையில் இருக்கும் பிரேம்கள் மட்டுமே வெளிவரும். 2022 ஆம் ஆண்டுக்கு முந்தைய பதிப்பு உங்களிடம் இருந்தால் `-fps_mode` என்பதற்குப் பதிலாக `-vsync` என்று எழுத வேண்டும்.

60 இல் எது நல்லது?

இப்போது படங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். p019 இல் குச்சி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. p023 இல் தலைக்கு மேலே உச்சியில் நிற்கிறது. p026 இல் கீழே பாய்கிறது. p028 இல் தோலைத் தொடுகிறது. இவற்றில் p023 இல் குச்சி தெளிவாகவும், p026 இல் விசிறி போலவும் இருக்கும். கைப்பேசி அதேதான், ஒளியும் அதேதான். பத்தில் ஒரு வினாடிக்குள் ஏன் இந்த வேறுபாடு?

ஒவ்வொரு பிரேமையும் எடுக்கக் கைப்பேசி சிறிது நேரம் ஒளியை உள்ளே வாங்குகிறது. மாலை நேரக் கடைவீதி விளக்கொளியில் அது 1/60 வினாடி என்று கொள்வோம். கீழே பாயும் குச்சியின் நுனி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும் கொள்வோம். 5 மீட்டரை 60 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.3 சென்டிமீட்டர். ஒரே பிரேமுக்குள் நுனி அவ்வளவு தூரம் நகர்ந்துவிடுகிறது. படத்தின் 1080 பிக்சல் உயரத்தில் 2 மீட்டர் உயரக் காட்சி அடங்கியிருந்தால், ஒரு சென்டிமீட்டருக்கு 5.4 பிக்சல். ஆக, நுனி ஒரு புள்ளியாக விழாமல் 45 பிக்சல் நீளக் கோடாக இழுபடுகிறது.

இனி உச்சியைப் பாருங்கள். மேலே போன குச்சி கீழே திரும்ப வேண்டுமானால், திரும்பும் அந்தக் கணத்தில் அதன் வேகம் சுழியமாக வேண்டும். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்பதைப் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுவேதான் இது. உச்சியை ஒட்டிய 1/60 வினாடியில் நுனியின் சராசரி வேகம் வினாடிக்கு 0.3 மீட்டர் என்றால், அது நகர்வது அரை சென்டிமீட்டர். மூன்று பிக்சலுக்கும் குறைவு. கண்ணுக்கு அது தெளிவாகவே தெரியும்.

இதிலிருந்து ஒரு நல்ல விதி கிடைக்கிறது: அசைவு திசை திரும்பும் இடத்தில் தேடுங்கள். பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் தங்கை பரதநாட்டியம் ஆடிய காணொலியா? அடவு முடிந்து அவர் நிலைகொள்ளும் கணத்தைத் தேடுங்கள். ஊஞ்சலா? அதன் இரு கோடிகளையும் பாருங்கள். பூப்பந்தாட்டமா? மட்டையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசத் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பார்ப்பவர் மனத்தில் நிற்கும் தோரணையும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும்.

அடுத்து முகம். கண் இமைப்பது 0.1 முதல் 0.4 வினாடிவரை நீடிக்கும். நம் கணக்கில் அது 3 முதல் 12 பிரேம். p023 இல் மேளக்காரரின் கண் மூடியிருந்தால் பக்கத்துப் பிரேமுக்குப் போவதில் பெரிய பயனில்லை. அங்கும் மூடித்தான் இருக்கும். அடுத்த அடிக்குக் குச்சி மீண்டும் உச்சிக்கு வரும் இடத்துக்குச் செல்லுங்கள். தாளம் திரும்பத் திரும்ப வருவது நமக்கு வசதிதான்.

கோப்பின் எடை சொல்லும் சேதி

மங்கலில் இன்னொரு வகையும் உண்டு. மேளக்காரர் அசையாமல் நின்றாலும், உங்கள் கை அசைந்தால் படம் முழுவதும் இழுபட்டுப் போகும். இதைச் சிறிய படமாகப் பார்க்கும்போது கண்டுபிடிப்பது கடினம். அதற்கு ஓர் எளிய வழி உண்டு: கோப்புறையில் 60 படங்களையும் கோப்பு அளவின்படி வரிசைப்படுத்துங்கள்.

பிஎன்ஜி விவரம் எதையும் இழக்காமல் சுருக்குவது என்று பார்த்தோம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றுபோல இருந்தால் அதனால் நன்றாகச் சுருக்க முடியும். மங்கிய படத்தில் அப்படித்தான் இருக்கும். சேலைக் கரையின் சரிகை, முடியிழை, கடைப் பலகையின் எழுத்து ஆகிய கூர்மையான விளிம்புகள் நிறைய இருந்தால் சுருக்க முடியாது, கோப்பு பெரிதாகும். எனவே ஒரே காட்சியில், பெரிய கோப்பே பெரும்பாலும் தெளிவான படம். வரிசையின் மேலே வரும் பத்துப் படங்களை மட்டும் திறந்து, முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. இருட்டில் எடுத்த காணொலியில் மணல் தூவினாற்போல வரும் இரைச்சல் புள்ளிகளும் கோப்பைப் பெரிதாக்கும். பின்னணியில் கூட்டம் வந்து சேர்ந்தாலும் அளவு கூடும். குச்சி மட்டும் மங்கினால், அளவில் அது அவ்வளவாகத் தெரியாது. ஆகவே ஒரே இடத்தில், ஒரே ஒளியில் எடுத்த இரண்டு மூன்று வினாடிக்குள் மட்டும் இப்படி ஒப்பிடுங்கள். முடிவைக் கண்ணிடம் விடுங்கள்.

எஃப்எஃப்எம்பெக்கையே தேர்ந்தெடுக்கச் சொல்லவும் முடியும்:

```
ffmpeg -i urumi.mp4 -vf thumbnail=300 -frames:v 1 t.png
```

இது முதல் 300 பிரேம்களின் நிறப் பரவலைக் கணக்கிட்டு, அவற்றின் சராசரிக்கு மிக நெருங்கிய பிரேமை எடுத்துத் தரும். காணொலியில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகக் காட்ட அது போதும். ஆனால் சராசரிக்கு நெருங்கியது என்றால் மிகச் சாதாரணமானது என்றுதான் பொருள். கண் மூடியிருக்கிறதா, குச்சி உச்சியில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சுவரொட்டிக்கு நாம் தேடுவதோ 1,200 இல் ஒருமுறை வருவது.

அச்சகத்துக்குப் போகுமுன்

p023 தேர்வாகிவிட்டது. இனி அளவுக் கணக்கு. சுவரொட்டி ஏ4 தாள். 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 சென்டிமீட்டர் உயரம். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் இருப்பது நல்லது. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு 150 இருந்தாலும் ஒப்பேறும்.

படம் படுக்கைவாட்டில் இருக்கிறது. தாளோ நிற்கும் வாட்டில். தாள் முழுவதையும் படத்தால் நிரப்ப வேண்டுமானால், இரு பக்கமும் வெட்டி 764 க்கு 1080 பிக்சல் துண்டை மட்டும் எடுக்க வேண்டும். 1080 பிக்சலை 29.7 சென்டிமீட்டரில், அதாவது 11.7 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். அருகில் சென்று பார்த்தால் முகம் கரடுமுரடாகத் தெரியும். கணினியில் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோனாலும் பயனில்லை. பிக்சல் கூடும், விவரம் கூடாது.

வேறு வழி இருக்கிறது. படத்தை வெட்டாமல் தாளின் அகலத்துக்கு மேல்பாதியில் போடுங்கள். 1920 பிக்சல் 21 சென்டிமீட்டரில், அதாவது 8.27 அங்குலத்தில் பரவும். அங்குலத்துக்கு 232 பிக்சல் கிடைக்கும். படத்தின் உயரம் 11.8 சென்டிமீட்டர் இருக்கும். கீழே மிஞ்சும் இடத்தில் நாள், நேரம், இடம் எல்லாம் பெரிய எழுத்தில் அடங்கும். அதே பிரேம்தான், வைக்கும் இடம் மாறியதால் தெளிவு இரண்டரை மடங்காகிவிட்டது.

கழகத்தின் புலனக் குழுவுக்கு முகப்புப் படம் வேண்டுமென்றால் சதுரமாக வெட்ட வேண்டும்:

```
ffmpeg -i p023.png -vf crop=1080:1080:420:0 mugam.png
```

முதல் இரண்டு எண்கள் சதுரத்தின் அகலமும் உயரமும். 420 என்பது இடப்பக்கத்திலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி வெட்ட வேண்டும் என்பது. 1920 இலிருந்து 1080 ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 420, அதாவது நட்டநடு. மேளக்காரர் வலப்பக்கமாக நின்றால் அந்த எண்ணைக் கூட்டுங்கள். 840 வரை கூட்டலாம். முகப்புப் படம் திரையில் வட்டமாகத் தெரியும் என்பதால் மூலைகள் மறைந்துவிடும். ஓங்கிய குச்சியின் நுனி மூலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய முகத்தைச் சுவரில் ஒட்டுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த முறை சுவரொட்டிக்கும் பயன்படும் என்று முன்பே தெரிந்தால், கைப்பேசியின் அமைப்பில் 4கே அளவைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள். அது 3840 க்கு 2160 பிக்சல். வெட்டி ஏ4 தாளை நிரப்பினாலும் அங்குலத்துக்கு ஏறத்தாழ 185 பிக்சல் இருக்கும். முடிந்தால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நல்ல வெயிலில் கைப்பேசி 1/500 வினாடியே ஒளி வாங்கும். 5 மீட்டர் வேகத்தில் பாயும் அதே குச்சி அப்போது ஒரு சென்டிமீட்டர்தான் இழுபடும்.

செய்து பாருங்கள்

1. தம்பியையோ தங்கையையோ கயிறு தாண்டச் சொல்லி 5 வினாடி பதிவு செய்யுங்கள். ஒரு வினாடியை மட்டும் பிரேம்களாகப் பிரியுங்கள். கால்கள் மிகத் தெளிவாக இருக்கும் பிரேம் எது? அப்போது உடல் எந்த உயரத்தில் இருக்கிறது? கயிறும் அதே பிரேமில் தெளிவாக இருக்கிறதா, இல்லையென்றால் ஏன்?

2. அந்தப் பிரேம்களைக் கோப்பு அளவின்படி வரிசைப்படுத்துங்கள். நீங்கள் கண்ணால் தேர்ந்தெடுத்தது எத்தனையாவது இடத்தில் வருகிறது?

3. -ss 12 என்று தொடங்கிப் பிரித்த நம் உறுமிக் காணொலியில், p023 காணொலியின் எத்தனையாவது வினாடியைச் சேர்ந்தது? p001 சரியாக 12 ஆவது வினாடி என்று கொள்ளுங்கள்.

(மூன்றாவது கேள்விக்கு விடை: p001 க்குப் பிறகு 22 பிரேம்கள். 22 ஐ 30 ஆல் வகுத்தால் 0.73. ஆகவே ஏறத்தாழ 12.73 ஆவது வினாடி.)